நீல மையில் ஆறு விதிகள்

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நான்காக மடித்து செல்போன் உறைக்குள் வைத்திருந்ததால் மடிப்புகளில் மை மங்கியிருந்தது. அதில் நீல மையில் ஆறு விதிகள் இருந்தன.

1. மாதத்துக்கு 40 பவுண்டு. அதற்கு மேல் இல்லை.
2. ஒரு பந்தயத்துக்கு 2 பவுண்டு.
3. ஒரு நாளில் 10 பவுண்டு போனால் அன்றைக்கு நிறுத்தம்.
4. ஒரு நாளில் 20 பவுண்டு லாபம் வந்தால் அன்றைக்கு நிறுத்தம்.
5. மாத வரம்பைத் தொட்டால் மூன்று நாள் கைவைக்கக் கூடாது.
6. மனசு சரியில்லாதபோது ஆடக் கூடாது.

கால்பந்துப் பந்தயம் அங்கே 18 வயது நிறைந்தவர்களுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அறைத் தோழர்கள் எல்லோரும் சனிக்கிழமை ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டுகிறார்கள், இவனும் கட்டுகிறான். படத்தின் கீழே ஒரு கேள்வி இருந்தது: “சித்தப்பா, நீங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் வாத்தியாருதானே. இந்த ரூல்ஸை மீறாம ஆடினா நஷ்டம் வராதுல்ல?”

திட்டி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்ள நினைத்த பிள்ளை அவன். அந்த வேலி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டுவதே அவனுக்கு நான் தரக்கூடிய மரியாதை என்று தோன்றியது. இந்த அத்தியாயம் அந்தக் கணக்குதான்.

நிறுத்தும் விதி லாபம் தருமா?

முதலில் அவன் கட்டும் பந்தயத்தைப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் மூன்று கோலோ அதற்கு மேலோ விழுமா, இரண்டோடு நின்றுவிடுமா என்பது ஒரு வழக்கமான பந்தயம். இரண்டுக்கும் சம வாய்ப்பு உள்ள ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நியாயமாகப் பார்த்தால் 2 பவுண்டு கட்டி ஜெயித்தவனுக்கு 4 பவுண்டு திரும்ப வர வேண்டும். பந்தய நிறுவனத்தின் திரையில் ஆட்ஸ் 1.90 என்று இருக்கும். அதாவது 2 பவுண்டுக்கு 3.80 திரும்ப வரும். அந்த 20 பென்ஸ்தான் நிறுவனத்தின் பிழைப்பு.

இப்படி 100 பந்தயம் கட்டினால் 200 பவுண்டு போகும். அதில் 50 ஜெயித்தால் 190 திரும்ப வரும். சராசரியாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் 10 பென்ஸ் நஷ்டம். இதை ஒரு நுழைவுச்சீட்டு விலை போல நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சராசரியாக 10 பென்ஸ் வாசலில் வைத்துவிட்டுத்தான் போகிறோம்.

இப்போது அவனுடைய மூன்றாம் விதியும் நான்காம் விதியும் என்ன செய்கின்றன? பத்து போனால் எழுந்துவிடு என்கிறது ஒன்று, இருபது வந்தால் எழுந்துவிடு என்கிறது மற்றது. கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. லாபத்தில் இருக்கும்போது எழுந்தால் லாபம்தானே? அந்த ஒரு நாளைக்கு லாபம்தான். ஆனால் பத்து போய் எழுந்த நாட்களும் கணக்கில் உண்டு. எல்லா நாட்களையும் சேர்த்தால், எந்த நேரத்தில் எழுந்தாலும் அதுவரை கட்டிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் 10 பென்ஸ் என்ற சராசரி மாறுவதில்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் டூப் 1953-இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பொதுவான தேற்றமாக நிறுவினார். கைப்பணமும் நேரமும் அளவோடு உள்ள ஒருவர், எப்போது எழுவது என்ற முடிவை எவ்வளவு சாமர்த்தியமாக வகுத்தாலும், பாதகமான ஆட்டத்தைச் சாதகமாக மாற்ற முடியாது.

எனவே அவன் கேள்விக்குப் பதில்: நஷ்டம் வரும். விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தாலும் வரும். ஆனால் விதித்தாள் வீண் என்று இதற்குப் பொருளில்லை. பந்தயத்துக்கு 10 பென்ஸ் என்றால் மொத்த நஷ்டம் பந்தயங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நிறுத்தும் விதியால் மாற்றக்கூடியது அந்த எண்ணிக்கை ஒன்றைத்தான். இருபது பந்தயத்தில் எழுந்தவனின் சராசரி நஷ்டம் 2 பவுண்டு, இருநூறில் எழுந்தவனுக்கு 20 பவுண்டு. விதித்தாளின் ஒவ்வொரு வரியையும் இந்த ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: இது பந்தயங்களின் எண்ணிக்கையையும் தொகையையும் உண்மையாகவே குறைக்கிறதா?

40 பவுண்டு எப்படி 800 ஆகிறது

அவனுடைய முதல் விதியை இந்தக் கேள்வியால் சோதித்தேன். “மாதம் 40” என்றால் என்ன? புதிதாகப் போடும் பணம் நாற்பதா, மொத்தமாகக் கட்டும் பந்தயம் நாற்பதா? கேட்டபோது அவனுக்கே தெரியவில்லை. “போடுற காசுதான் சித்தப்பா. ஜெயிச்ச காசு அதுக்குள்ளயேதான் இருக்கும், அதை வெச்சு ஆடுவேன்” என்றான்.

இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. 40 பவுண்டைக் கணக்கில் போட்டு, ஜெயித்த பணத்தை வெளியே எடுக்காமல் அதையே மறுபடி மறுபடி கட்டினால் அந்தப் பணம் உடனே தீராது. கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 5 சதவீதம் கசியும். கசிந்து கசிந்து நாற்பதும் தீர்வதற்குள் சராசரியாக 800 பவுண்டுக்குப் பந்தயம் நடந்திருக்கும். இரண்டு பவுண்டு வீதம் 400 பந்தயங்கள். நாற்பது பவுண்டு வரம்பு வைத்த ஒருவன் நானூறு முறை திரையைப் பார்த்துப் பதைத்திருப்பான். பணத்துக்கு வரம்பு இருந்தது, பழக்கத்துக்கு வரம்பு இல்லை.

நான்கைந்து ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் அக்யூமுலேட்டர் பந்தயத்தில் கசிவு இன்னும் வேகமாக நடக்கும். 1.90 ஆட்ஸ் உள்ள நான்கு ஆட்டங்களைக் கோத்தால் நான்கும் பலிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. பலித்தால் கிடைப்பது கட்டியதைப் போலப் பதிமூன்று மடங்கு. பதினாறு கொடுத்துப் பதிமூன்று வாங்குகிறோம். 5 சதவீதமாக இருந்த கசிவு 18 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டே பவுண்டுக்கு 26 கிடைக்கும் என்ற ஆசையில் அறைத் தோழர்கள் அதிகம் விரும்பியது இதைத்தான்.

அடுத்த கேள்வி: 40 என்ற எண் எங்கிருந்து வந்தது? பகுதிநேர வேலையில் மாதம் 600 பவுண்டு வருகிறது, சாப்பாடு, பஸ், செல்போன் எல்லாம் போக மிஞ்சுவது நாற்பது என்றான். மிஞ்சுவதை எல்லாம் வரம்பாக வைப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் கனடாவில் போதைப் பழக்கங்கள் குறித்து ஆராயும் தேசிய மையம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு எண்ணைச் சொல்கிறது. சூதாட்டத்தால் வரும் தீங்கு எந்த அளவைத் தாண்டும்போது கூடத் தொடங்குகிறது என்று பல நாடுகளின் தரவுகளை வைத்துப் பார்த்து, மூன்று வரம்புகளை அது சேர்த்தே சொன்னது. வரி பிடிக்கும் முன் உள்ள குடும்ப வருமானத்தில் மாதம் 1 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் ஆடக் கூடாது. இரண்டு வகை ஆட்டங்களுக்கு மேல் வழக்கமாக ஆடக் கூடாது. மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டும். மதுப் பழக்கமோ மனப் பதற்றமோ உள்ளவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் சூதாட்டப் பிரச்சினை இருந்தவர்களும் இதற்கும் கீழே இருக்க வேண்டும், அல்லது ஆடாமலே இருக்க வேண்டும்.

அறுநூறில் 1 சதவீதம் 6 பவுண்டு. அவன் எழுதியிருந்தது அதைப் போல ஆறரை மடங்குக்கும் மேல்.

நவம்பர் 29, சனிக்கிழமை

இந்தக் கணக்கையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்புவதற்கு முன்பே அந்தத் தாள் உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்பதை அவனே வங்கிக் கணக்கையும் பந்தயக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு வரிவரியாகச் சொன்னான். மறைக்காமல் சொன்னதற்காக அவன்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

அன்று மாத வரம்பில் 23.80 பவுண்டு ஏற்கெனவே போயிருந்தது. பகல் பன்னிரண்டரை ஆட்டத்திலும் மூன்று மணி ஆட்டங்களிலும் ஏழு பந்தயம் கட்டினான். ஆறு தோற்றன, ஒன்று ஜெயித்தது. நிகர நஷ்டம் 10.20. மூன்றாம் விதிப்படி அன்றைக்கு அதோடு நிறுத்தம். தாளை எடுத்துப் பார்த்தும் இருக்கிறான்.

அப்போது மனம் ஒரு வாதத்தை எடுத்துக்கொடுத்தது. மாத வரம்பில் இன்னும் 6 பவுண்டு மிச்சம், மாதம் நாளையோடு முடிகிறது, அந்த ஆறு “நம்முடையதுதானே”. ஐந்தரை மணி ஆட்டத்தில் ஆறையும் ஒரே பந்தயமாகக் கட்டினான். தோற்றது. ஏழரைக்கு மேல் வேறொரு நாட்டு லீக் ஆட்டம் தொடங்கியது. திங்கட்கிழமை டிசம்பர், புது மாதம், புது 40. அதிலிருந்து பத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 10 கட்டினான். ஜெயித்தது, 9 பவுண்டு லாபம். தோல்வியைவிட இந்த வெற்றிதான் அவனைக் கெடுத்தது. “பாத்தியா, திரும்ப வருது” என்று மனம் சொன்னது. அடுத்து 20, தோல்வி. மறுபடி 20, அதுவும் தோல்வி. இரவு பத்து மணிக்கு அந்த மாதத்தின் நஷ்டம் 71 பவுண்டு. அவனுக்கு இரண்டு வாரத்து மளிகைக் காசு.

பந்தயத் தொகைகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 2, 6, 10, 20, 20. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையில் இதே வரிசை உண்டு. தருமன் முதலில் வைத்தது செல்வம். பிறகு நாடு, தம்பியர், தான், கடைசியில் மனைவி. பணயம் பெரிதாகிக்கொண்டே போனது ஜெயித்த மிதப்பில் அல்ல, தோற்றதை மீட்கும் தவிப்பில்.

இந்தத் தவிப்பை டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எண்ணில் காட்டினார்கள். 95 பேரிடம் ஒரு கேள்வி: 3000 நிச்சயமாக நஷ்டம், அல்லது 4000 நஷ்டமாக 80 சதவீத வாய்ப்பும் ஒன்றுமே போகாமலிருக்க 20 சதவீத வாய்ப்பும் உள்ள ஒரு சூது. எதைத் தேர்வீர்கள்? இரண்டாவதன் சராசரி நஷ்டம் 3200, முதலாவதைவிட அதிகம். ஆனாலும் 92 சதவீதத்தினர் இரண்டாவதையே தேர்ந்தார்கள். நஷ்டத்தில் நிற்கும் மனத்துக்கு “ஒன்றும் போகவில்லை” என்ற நிலைக்குத் திரும்பும் வழி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் இனிக்கிறது. 1990-இல் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஏற்கெனவே தோற்றவர்களை மிகவும் இழுப்பது கணக்கைச் சரிசெய்துவிடக்கூடிய பந்தயம்தான் என்று கண்டார்கள்.

அறையில் அமைதியாக உட்கார்ந்து விதி எழுதியபோது இருந்தவன் வேறு, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு இருந்தவன் வேறு. முதலாமவன் இரண்டாமவனைச் சந்தித்ததே இல்லை. மனம் குளிர்ந்திருக்கும்போது அதன் சூட்டை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். “நான் எழுந்துவிடுவேன்” என்று எழுதும் கைக்கு எழ முடியாத நேரம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் ஒருநாள் மீட்டுவிடலாமே என்று அவன் கேட்டான். அதையும் போட்டுப் பார்த்தோம். 2, 4, 8, 16, 32 என்று கட்டிப் போகலாம். 1.90 ஆட்ஸில் ஜெயித்தாலும் கட்டியதற்குச் சமமாக வராது. அதனால் முதல் நான்கு தோற்று ஐந்தாவதில் 32 கட்டி ஜெயித்தால் லாபம் 28.80, அதுவரை போனது 30. ஜெயித்த பிறகும் 1.20 நஷ்டத்தில்தான் நிற்போம். ஐந்தும் தோற்றால் 62 பவுண்டு போய்விடும். ஐந்து தொடர் தோல்வி அபூர்வம் என்று தோன்றும். சம வாய்ப்புள்ள 20 பந்தயங்களில் எங்கேனும் ஓரிடத்தில் ஐந்து தோல்வி தொடர்ந்து வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாதம் இருபது பந்தயம் கட்டுபவனுக்கு ஆண்டில் மூன்று மாதம் அது வந்து நிற்கும்.

ஓட்டைகள் எங்கே இருந்தன

டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் போனில் பேசியபடி தாளை மறுபடி எழுதினோம். ஒவ்வொரு ஓட்டையையும் 29-ஆம் தேதியே காட்டிக்கொடுத்திருந்தது.

முதல் ஓட்டை நாட்காட்டி. காலண்டர் மாதம் என்று வைத்தால் 30-ஆம் தேதி இரவு வரம்பு தீர்ந்தவன் 1-ஆம் தேதி காலை புது வரம்போடு எழுகிறான். இரண்டு நாளில் இரண்டு மாதத்துப் பணம் போக வழி உண்டு. கூடவே, மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் அதைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. ஆகவே “கடந்த 30 நாட்களில்” என்று மாற்றினோம். எந்த நாளில் நின்று பார்த்தாலும் பின்னால் உள்ள முப்பது நாட்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. இதில் மாத முதல் தேதி என்று ஒன்று இல்லை.

இரண்டாவது ஓட்டை, மனத்தை நீதிபதியாக வைத்த விதி. “மனசு சரியில்லாதபோது ஆடக் கூடாது” என்பதைச் சரிபார்க்க வேண்டியது யார்? சரியில்லாத அதே மனம்தான். அன்று மாலை அவனைக் கேட்டிருந்தால் மனசு நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பான். நிறுத்தும் நிபந்தனை கடிகாரத்தாலோ எண்ணாலோ கண்ணால் பார்க்கும் ஒன்றாலோ சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரவு எட்டுக்குப் பிறகு இல்லை. மது தொட்ட நாளில் இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு இல்லை. இந்தக் கடைசி வரி முக்கியமானது. ஆட்டத்துக்கு முன் கட்டும் பந்தயத்தில் முடிவு தெரிய இரண்டு மணி நேரம் ஆகும், அந்த இடைவெளியில் சூடு இறங்கும். நடக்கும் ஆட்டத்தில் அடுத்த கோல், அடுத்த கார்னர் என்று நிமிடத்துக்கு ஒரு பந்தயம் கட்டலாம். வேகம் கூடும்போது எண்ணிக்கை கூடுகிறது, இடையில் யோசிக்கும் நேரம் குறைகிறது.

மூன்றாவது ஓட்டை, விதியை மாற்றும் விதி இல்லாதது. டிசம்பர் பணத்தை நவம்பரில் எடுத்தபோது அவன் விதியை மீறுவதாக நினைக்கவில்லை, திருத்துவதாக நினைத்தான். பிரிட்டனில் இதற்குச் சட்டமே ஒரு நல்ல முன்மாதிரி வைத்திருக்கிறது. பந்தயக் கணக்கில் வாடிக்கையாளர் தன் வரம்பைக் குறைத்தால் அது உடனே நடைமுறைக்கு வரும். கூட்டக் கேட்டால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் கூடும். இறுக்குவது உடனே, தளர்த்துவது தாமதமாக. சூட்டில் எடுத்த முடிவு ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகும் நிற்கிறதா என்று அந்த ஒரு நாள் சோதித்துவிடுகிறது. அவன் தாளில் இதை 30 நாளாக எழுதினோம்.

நான்காவது, தணியும் நாட்கள். மூன்று நாள் என்று அவன் எழுதியது ஏதோ தோன்றிய எண். சனிக்கிழமை நிறுத்தினால் மூன்று நாளில் செவ்வாய் வரும், சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன் இரவுகளில்தான். தணியும் காலம் முடிவதும் அடுத்த தூண்டுதல் தொடங்குவதும் ஒரே நாளில் விழுந்தன. கால்பந்துப் பந்தயத்தின் இழுப்பு ஆட்ட அட்டவணையோடு கட்டப்பட்டது. குறைந்தது ஒரு முழு வார இறுதியைப் பந்தயமின்றி ஆட்டம் பார்த்தோ, பார்க்காமலோ கடந்தால்தான் இடைவெளி விட்டதாகக் கொள்ளலாம். எனவே 14 நாள். அதுவும் தாளில் மட்டும் போதாது என்பதால், வங்கிச் செயலியிலேயே சூதாட்ட நிறுவனங்களுக்குப் பணம் போவதைத் தடுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டான். பிரிட்டனின் பல வங்கிகள் இதைத் தருகின்றன. தடையைப் போடுவது ஒரு தட்டலில் முடியும், நீக்க 48 மணி நேரம்வரை காக்கவைக்கும் வங்கிகள் உண்டு. கடன் அட்டையால் பந்தயம் கட்டுவது அங்கே 2020 ஏப்ரல் முதல் தடை என்பதால் கடன் வழி ஏற்கெனவே பாதி அடைபட்டிருந்தது. மீதிப் பாதி நண்பர்களிடம் கைமாற்று.

இரண்டாவது தாள்

மறுபடி எழுதிய தாள் இப்படி இருந்தது.

1. கடந்த 30 நாளில் கட்டிய மொத்தப் பந்தயம் 6 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஜெயித்த பணம் அன்றே வங்கிக்குத் திரும்பும். அதை மறுபடி கட்டுவதும் கணக்கில் சேரும்.
2. சனிக்கிழமை மட்டும். ஒரே பந்தயம். 1.50 பவுண்டு. ஆட்டம் தொடங்கும் முன். கோத்துக் கட்டுவது இல்லை.
3. இரவு எட்டுக்குப் பிறகு இல்லை. குடித்த நாளில் இல்லை. தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் இல்லை. கைமாற்று வாங்கி இல்லை.
4. எந்த விதியை மீறினாலும், எவ்வளவு சின்ன மீறலானாலும், 14 நாள் வங்கித் தடை. அன்றே சித்தப்பாவுக்குச் செய்தி.
5. விதியைக் கடுமையாக்கலாம், உடனே. தளர்த்த நினைத்தால் எழுதிவைத்து 30 நாள் காத்திருக்க வேண்டும்.
6. மூன்று மாதத்தில் இரண்டு முறை மீறினால் இந்தத் தாள் செல்லாது. அன்றே காம்ஸ்டாப்பில் பதிவு.

இதன்படி மாதத்துக்கு அவனுடைய சராசரி நஷ்டம் 30 பென்ஸ். மிக மோசமான மாதத்தில் 6 பவுண்டு. அந்த அளவில் அது ஒரு டீ, ஒரு பன் செலவு.

கடைசி விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காம்ஸ்டாப் என்பது பிரிட்டனில் உள்ள இலவசச் சுயவிலக்குப் பதிவேடு. அதில் ஒருவர் பெயர் கொடுத்தால், அங்கே உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் அவரை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த காலம் முடியும்வரை, மனம் மாறினாலும் நீக்க முடியாது. விதித்தாளில் ஆடுபவனே சட்டம் எழுதுகிறான், அவனே காவல் காக்கிறான், அவனே தீர்ப்பும் சொல்கிறான். காம்ஸ்டாப்பில் காவல் இன்னொருவர் கைக்குப் போகிறது. தன் கைக்கு அடங்காத இடம் எது என்று முன்கூட்டியே குறித்துவைத்து, அங்கே வந்ததும் சாவியை ஒப்படைப்பதுதான் ஆறாம் விதி.

ஏன் இரண்டே மீறலில்? மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5, சூதாட்ட நோய்க்கு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. ஓராண்டில் நான்கு இருந்தால் நோய் என்று கொள்ளலாம். குறைக்கவோ நிறுத்தவோ பலமுறை முயன்று தோற்பது அவற்றில் ஒன்று. போன பணத்தை மீட்க மறுபடி வருவது இன்னொன்று. அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பெரிய தொகை தேவைப்படுவதும், வீட்டாரிடம் மறைப்பதும் அதில் உண்டு. நவம்பர் 29 என்ற ஒரே நாளில் முதல் மூன்றின் சாயலும் இருந்ததை நீங்களே கவனித்திருப்பீர்கள். ஒரு நாளை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிவைத்த விதி இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சாயல்கூட அவன் கண்ணில் பட்டிருக்காது. “கொஞ்சம் அதிகமாப் போச்சு” என்பதோடு முடிந்திருக்கும்.

விதித்தாளின் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் விளங்கியது. அது ஒரு காய்ச்சல்மானி. காய்ச்சலைக் குணமாக்காது, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று பொய் சொல்லாமல் காட்டும். ஆறு பவுண்டு வரம்பைச் சிரமமில்லாமல் கடைப்பிடிப்பவனுக்கு ஆட்டம் பொழுதுபோக்காக இருக்கிறது என்று பொருள். அதே வரம்பு மூச்சு முட்டுவதுபோல இருந்தால், விதியில் சந்து தேடியபடி இருந்தால், “இந்த ஒரு தடவை” என்ற சொல் வாயில் வந்தால், பாதரசம் ஏறிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது இன்னும் நல்ல தாள் எழுதுவதல்ல, நிறுத்துவது.

பிப்ரவரியில் அவன் இரண்டாவது முறை மீறினான். தொகை வெறும் 3 பவுண்டு. அன்றிரவே காம்ஸ்டாப்பில் ஐந்தாண்டுக்குப் பதிவு செய்துவிட்டு, பதிவுச் செய்தியைப் படமெடுத்து அனுப்பினான். “மூணு பவுண்டுக்காகவான்னு தோணுச்சு சித்தப்பா. அப்படித் தோணினதாலதான் பண்ணிட்டேன்” என்று எழுதியிருந்தான். அவன் விதித்தாளில் எழுதாத ஏழாவது விதி அது.

இங்கே தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை வழங்குவதை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. கிரிக்கெட் பந்தயம் அதற்கு முன்பும் இங்கே சட்டப்படியானதல்ல. அப்படியும் உங்கள் செல்போனுக்கு வரும் செயலிகளில் 24 மணி நேரத் தாமதம் கிடையாது, சுயவிலக்குப் பதிவேடு கிடையாது, கேட்டால் பதில் சொல்லும் அலுவலகமும் கிடையாது. அவன் தாள் சாய்ந்து நின்ற சுவர்கள் எதுவும் இங்கே இல்லை. எனவே இங்கே எழுதக்கூடிய தாளில் ஒரே வரிதான்: மாத வரம்பு பூஜ்யம். அந்த வரியையும் காக்க முடியவில்லை என்று உணர்ந்தால், அரசின் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போன பணத்தை மீட்ட பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றே கூப்பிடுங்கள்.